சிபிஎம் படி ஹோர்டிங்தான் மலிவு என்றால் பேப்பரும் ரேடியோவும் எதற்கு?

இளங்கோ_பி

வீட்டுச் சாமான் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு நாலு வாரச் சலுகைக்கான மீடியா ப்ளான் என் கையில் இருக்கிறது. ஒரே ஊர், ஒரே மாதம். வாடிக்கையாளர் விவரம் வெளியே போகக்கூடாது என்பதால் எண்களை வட்டமாக்கியிருக்கிறேன். பட்ஜெட்டை 1,000 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சென்றடைய வேண்டியவர்கள் 25 வயதுக்கு மேற்பட்ட 2 லட்சம் பேர்.

பேப்பரில் வாரம் ஒரு விளம்பரம் வீதம் நாலு, ஒன்றுக்கு 100 அலகு. ரேடியோவில் ஒரு நாளைக்கு 8 ஸ்பாட், 28 நாளைக்கு 224 ஸ்பாட், மொத்தம் 300. ஹோர்டிங் 6 இடத்தில், மாதத்துக்கு 300.

விற்பனையாளர்கள் கொடுத்த எண்களை வைத்து சிபிஎம், அதாவது விளம்பரம் ஆயிரம் தடவை கண்ணிலோ காதிலோ பட ஆகும் செலவைப் போட்டேன். பேப்பர் 1 அலகு (25,000 பிரதி, பிரதிக்கு 4 வாசகர் என்று அவர்கள் கணக்கு). ரேடியோ 0.33. ஹோர்டிங் 0.08. இதைப் பார்த்த உரிமையாளர், "ஹோர்டிங் பன்னிரண்டு மடங்கு மலிவு. அப்புறம் எதற்கு மற்ற இரண்டும்? முழுப் பணத்தையும் அதிலேயே போடு" என்கிறார். இது தவறு என்று உள்ளுக்குள் தெரிகிறது. ஆனால் அவர் முன்னால் எண்ணோடு பேச வேண்டும். எப்படிப் பேசுவது?

ராஜன்73

உரிமையாளர் சொல்வதில் பாதி சரிதான். சிபிஎம் குறைவாக இருக்கிற இடத்தில் பணம் போவதுதான் நியாயம். ஆனால் ஒருவர் விளம்பரத்தை மூன்று தடவை பார்த்தால்தான் மனதில் பதியும். ஹோர்டிங்கில் தினமும் பார்க்கிறார்கள், அதனால் மூன்று தாராளமாகத் தாண்டிவிடும். பேப்பரில் நாலு விளம்பரம் என்றால் வாசகருக்கு நாலு தடவை, அதுவும் தாண்டிவிட்டது. ரேடியோவைக் குறைத்து ஹோர்டிங்கைக் கூட்டுங்கள், வேலை முடிந்தது.

மீனலோசனி

இளங்கோ, உங்கள் மூன்று சிபிஎம்மும் மூன்று வெவ்வேறு பொருளை எண்ணுகின்றன. முதலில் அதைச் சமன்படுத்திவிட்டு அப்புறம் ஒப்பிடுவோம்.

ஹோர்டிங்கிலிருந்து தொடங்குகிறேன். 0.08 எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஒரு இடத்தைத் தினம் 20,000 பேர் கடக்கிறார்கள் என்று சொல்லியிருப்பார்கள். ஆறு இடம், முப்பது நாள், 36 லட்சம். 300ஐ அதால் வகுத்தால் 0.08 வரும். ஆனால் அந்த 36 லட்சம் ஆட்கள் அல்ல, கடந்துபோன தடவைகள். இரண்டு திசைப் போக்குவரத்தையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள். பலகை ஒரு திசையைப் பார்த்துத்தான் நிற்கிறது, எனவே பாதி போய்விடும், 18 லட்சம். எதிரே வருபவர் எல்லோரும் தலைநிமிர்ந்து பார்ப்பதில்லை. மரம், வளைவு, முன்னால் போகும் லாரி, கைபேசி என்று எத்தனையோ இருக்கிறது. இதற்கு இன்னொரு பாதியைக் கழிக்கிறேன், 9 லட்சம். இது என் அனுமானம்தான். நேரில் போய்ப் பார்த்து இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் 2 லட்சத்துக்குள் வருபவர்கள் அறுபது சதவீதம் என்றால் 5.4 லட்சம் தடவை. இப்போது சிபிஎம் 0.56.

பேப்பரிலும் இதே வேலையைச் செய்யுங்கள். ஒரு லட்சம் வாசகர் என்கிறார்கள். அதில் உங்கள் வயதுக்குள், உங்கள் ஊருக்குள் வருபவர்கள் 60,000 என்றால் சிபிஎம் 1.67. உங்கள் ரேடியோ எண் அநேகமாக ஏற்கெனவே உங்கள் இலக்குக்குள்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது. ஒரு ஸ்பாட்டுக்குச் சராசரி 4,000 பேர் என்றால் கணக்கு பொருந்துகிறது.

ஆக பன்னிரண்டு மடங்கு இல்லை, மூன்று மடங்கு. இப்போது மலிவு ரேடியோதான், ஹோர்டிங் அல்ல. உரிமையாளரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

அலைவரிசை

ரேடியோ விற்பனைப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். மீனலோசனி அவர்களின் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் ரேடியோதானே முன்னால் நிற்கிறது? ஸ்பாட்டை எட்டிலிருந்து பதினைந்தாக்கலாமே. ஒரு மாதத்தில் 2 லட்சம் பேரில் 80,000 பேரை ரேடியோ தொடும். ஆளுக்குப் பதினோரு தடவை. இந்த விலைக்கு வேறு எந்த ஊடகம் இதைக் கொடுக்கும்?

மீனலோசனி

80,000 என்பதை ஏற்றுக்கொள்கிறேன். நாள் முழுக்கப் பரப்பிப் போட்டால் நாற்பது சதவீதம் கிடைக்கும். ஆனால் அந்தப் பதினொன்று சராசரி என்பதை மறக்க வேண்டாம். ரேடியோ கேட்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிக அதிகம். காலையிலிருந்து மாலைவரை வேலையிடத்தில் போட்டுவைத்திருப்பவர் ஒருவர், பயணத்தில் பத்து நிமிடம் கேட்பவர் இன்னொருவர்.

80,000 பேரில் கால்வாசியினர், அதாவது 20,000 பேர், மொத்தக் கேட்பில் அறுபது சதவீதத்தை வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். 224 ஸ்பாட், ஒன்றுக்கு 4,000 பேர் என்றால் மொத்தம் 8,96,000 தொடர்பு. அதில் அறுபது சதவீதம் அந்த 20,000 பேருக்குப் போனால் ஆளுக்கு 27 தடவை. மீதி 60,000 பேருக்கு ஆளுக்கு ஆறு. அந்த ஆறும் சராசரிதான், உள்ளே ஒரே ஒரு தடவை கேட்டவர்களும் இருப்பார்கள். இதில் ஸ்பாட்டை இரட்டிப்பாக்கினால் யாருக்குப் போகும்? பெரும்பகுதி அந்த 20,000 பேருக்குத்தான். 27 ஐம்பதைத் தாண்டும். சிபிஎம் அப்படியே 0.33 என்று அழகாக நிற்கும்.

அலைவரிசை

நேரத்தை மாற்றிப் போட்டால் ஓரளவு சரியாகும். எல்லா ஸ்பாட்டையும் காலை நேரத்திலேயே போடச் சொல்லும் விளம்பரதாரர்கள்தான் அதிகம், அதனால் அதே நேயர்களிடமே திரும்பத் திரும்பப் போகிறது. மதியம், இரவு, வார இறுதி என்று பிரித்தால் புது ஆட்கள் வருவார்கள். அந்த நேரங்களில் விலையும் குறைவு.

குறிஞ்சி

ஹோர்டிங் எந்த இடத்தில் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். போன தடவை நாலு பலகை எடுத்தேன், நாலும் பிரதான சாலையில். நல்ல கூட்டம் போகிற சாலை. சேர வந்தவர்களிடம் கேட்டால் எல்லோரும் அந்தச் சாலைப் பக்கம் இருப்பவர்கள். ஊரின் மறுபாதிக்கு நாங்கள் இருப்பதே தெரியவில்லை. நீங்களும் இடத்தைப் பார்த்து எடுங்கள். ரேடியோ, பேப்பர் பற்றி எனக்குத் தெரியாது.

இளங்கோ_பி

குறிஞ்சி, நான் கேட்டது அது இல்லை. ஆனால் இதைப் படித்ததும் எங்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஆறில் நாலு ஒரே சாலையில், பேருந்து நிலையத்துக்கும் மேம்பாலத்துக்கும் நடுவில் இருக்கின்றன. போக்குவரத்து எண்ணிக்கை அதிகம் என்று ஏஜென்சி தேர்ந்தெடுத்தது.

மீனலோசனி

குறிஞ்சி சொன்னதுதான் இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே பெரிய விஷயம். எண்ணோடு காட்டுகிறேன்.

இப்போதைய ஆறு இடத்தில் 5.4 லட்சம் தொடர்பு. நாலு ஒரே சாலையில் இருப்பதால் ஒரே ஆட்கள் நாலையும் பார்க்கிறார்கள். மாதத்தில் தனித்தனி ஆட்களாக 90,000 பேர், அதாவது 45 சதவீதம், ஆளுக்குச் சராசரி ஆறு தடவை என்று கொள்கிறேன். அந்த நாலில் மூன்றை எடுத்து ஊருக்குள் நுழையும் வேறு மூன்று சாலைகளில் வையுங்கள். அங்கே கூட்டம் குறைவு. மொத்தத் தொடர்பு 5.4 லட்சத்திலிருந்து 4.5 லட்சமாக இறங்கும் என்று வைப்போம். ஆனால் வேறு ஆட்கள் வருவதால் ரீச், அதாவது ஒரு தடவையாவது பார்த்தவர்கள், 55 சதவீதம், 1,10,000 பேர். சராசரி நாலு தடவை.

சிபிஎம் 0.56லிருந்து 0.67 ஆகிவிட்டது. ஏஜென்சி அட்டவணையில் இது மோசமான ப்ளான். ஆனால் அதே 300 அலகுக்கு 20,000 பேர் கூடுதலாகப் பார்க்கிறார்கள். யார் பார்த்தார்கள் என்பதை சிபிஎம் கேட்பதே இல்லை, எத்தனை தடவை பார்க்கப்பட்டது என்பதை மட்டும்தான் கேட்கிறது. உரிமையாளருக்கு இந்த ஒரு உதாரணம் போதும் என்று நினைக்கிறேன்.

செல்வம்_பிரஸ்

பேப்பர் விளம்பரப் பிரிவில் நீண்ட நாள் இருந்தவன். மூன்றையும் சேர்த்து மொத்த ரீச் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லையே? நாலு விளம்பரத்துக்குப் பேப்பர் 38 சதவீதம் என்று வைத்து, ரேடியோ 40, ஹோர்டிங் 45 என்றால் கூட்டினால் 123 வருகிறது. நூறைத் தாண்டுகிறதே.

மீனலோசனி

கூட்டக்கூடாது சார், ஒருவரே இரண்டிலும் மூன்றிலும் இருப்பார். தவறவிட்டவர்களைப் பெருக்க வேண்டும். பேப்பரில் தப்பியவர் 62 சதவீதம், ரேடியோவில் 60, ஹோர்டிங்கில் 55.

1 − (0.62 × 0.60 × 0.55) = 0.795

ஆக 79.5 சதவீதம், சுமார் 1,59,000 பேர். ஆனால் இது ஒன்றைப் பார்ப்பதற்கும் இன்னொன்றைப் பார்ப்பதற்கும் தொடர்பே இல்லை என்று நம்பும் கணக்கு. நிஜத்தில் வண்டியில் ரேடியோ கேட்பவரும் சாலையில் பலகை பார்ப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள். வீட்டோடு இருப்பவர் இரண்டிலிருந்தும் தப்புகிறார். அதனால் 79.5 கொஞ்சம் அதிகம்தான். நான் 75 பக்கம் என்று பேசுவேன். பேப்பரின் வேலை இங்கேதான் இருக்கிறது: மற்ற இரண்டும் சேர்ந்தாற்போலத் தவறவிடுகிற அந்த வீட்டுக்குள் அது போகிறது.

அதனால் பேப்பரை விடச் சொல்லவில்லை. ஆனால் நாலாவது விளம்பரத்தை யோசிக்க வேண்டும். ஒரே பேப்பரில் முதல் விளம்பரம் 30 சதவீதத்தைத் தொடுகிறது. இரண்டாவதில் 34, மூன்றாவதில் 36.5, நாலாவதில் 38 என்று வைப்போம். தினமும் படிப்பவர்கள் முதலிலேயே வந்துவிட்டார்கள். நாலாவது 100 அலகு கொடுத்துக் கொண்டுவருவது ஒன்றரை சதவீதம், 3,000 பேர். ஆயிரம் புது ஆளுக்கு 33 அலகு. அந்த 3,000 பேரில் மூன்றில் இரண்டு பங்கை ரேடியோவோ ஹோர்டிங்கோ ஏற்கெனவே தொட்டிருக்கும். ஆக உண்மையில் புதியவர் 1,000 பேர்தான், ஆயிரத்துக்கு 100 அலகு. அட்டவணையில் மட்டும் அது எப்போதும்போல 1.67.

ஊரில் சிறிய இரண்டாவது பேப்பர் உண்டா இளங்கோ?

இளங்கோ_பி

உண்டு. விளம்பரம் ஒன்றுக்கு 60 அலகு. எங்கள் இலக்கில் 16,000 வாசகர் என்கிறார்கள். சிபிஎம் 3.75 வந்ததால் ஏஜென்சி முதல் சுற்றிலேயே நீக்கிவிட்டது.

மீனலோசனி

அதில் பாதிப் பேர் பெரிய பேப்பரும் படிக்கிறார்கள் என்றால் மீதி 8,000 பேர் புதியவர்கள். ரேடியோவும் ஹோர்டிங்கும் தொடாதவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்கு, 2,600 பேருக்கு மேல். 60 அலகுக்கு அது ஆயிரத்துக்கு 23. நாலாவது விளம்பரத்தின் 100க்கு எதிரே வைத்துப் பாருங்கள். சிபிஎம்மில் இரண்டு மடங்குக்கு மேல் விலை உயர்ந்த பேப்பர், புது ஆள் கணக்கில் கால்வாசி விலைக்கு வருகிறது.

செல்வம்_பிரஸ்

இங்கே நான் ஒத்துப்போக மாட்டேன். நாலாவது விளம்பரம் புது ஆளைப் பிடிக்கப் போடுவதில்லை அம்மா. சலுகை முடிகிற கடைசி வாரத்தில், போவோமா வேண்டாமா என்று இருப்பவரைக் கிளப்பத்தான் அது. கடைசி வாரம் பேப்பரில் இல்லை என்றால் சலுகை முடிந்துவிட்டது என்றே நினைத்துவிடுவார்கள். இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ரீச் அட்டவணையில் இது தெரியாது.

மீனலோசனி

நீங்கள் சொல்வது நாலாவதின் நேரத்தைப் பற்றி, எண்ணிக்கையைப் பற்றி அல்ல. மூன்றே போட்டாலும் ஒன்றைக் கடைசி வாரத்துக்கு வைக்கலாம். முதல் வாரம், இரண்டாம் வாரம், நாலாம் வாரம். மூன்றாம் வாரத்தைச் சிறிய பேப்பர் பார்த்துக்கொள்ளும்.

செல்வம்_பிரஸ்

மூன்றாம் வாரம் பெரிய பேப்பரில் காலியாக இருந்தால் போட்டி நிறுவனம் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். எண் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ராஜன்73

எல்லோரும் ரீச் ரீச் என்கிறீர்கள். மூன்று தடவை என்ற விதிக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு தடவை மட்டும் பார்த்த ஆளைப் புது ஆள் என்று எண்ணி என்ன பயன்? இது ஆராய்ச்சியில் நிரூபணமானது.

மீனலோசனி

ராஜன், அந்த விதிக்கு ஆதாரம் 1972இல் ஹெர்பர்ட் க்ரக்மன் எழுதிய கட்டுரை. அவர் சொன்னது எண்ணிக்கையை அல்ல, மனநிலையை. முதல் நிலையில் "இது என்ன?" என்று பார்க்கிறோம். இரண்டாவதில் "எனக்கு இதனால் என்ன?" என்று எடைபோடுகிறோம். மூன்றாவதும் அதற்குப் பிறகு வருகிற எல்லாமும் நினைவூட்டல். ஒருவர் இருபது தடவை கடந்துபோயும் முதல் நிலையிலேயே இருக்கலாம், கண்ணில் பட்டும் கவனிக்காமல். இன்னொருவர் கட்டில் வாங்கத் தேடிக்கொண்டிருந்தால் ஒரே தடவையில் மூன்றாம் நிலைக்கு வந்துவிடலாம். பின்னாளில் எர்வின் எஃப்ரன் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து வாதிட்டார். வாங்கும் முடிவுக்குப் பக்கத்தில் படுகிற ஒரு தடவைதான் முக்கியம், அதனால் ஒவ்வொரு வாரமும் முடிந்தவரை பலரை ஒரு தடவையாவது தொடு என்றார்.

இளங்கோவின் பொருளில் அந்த வாதம் பொருந்தும் என்பது என் கருத்து. வீட்டுச் சாமானைத் தினமும் யாரும் வாங்குவதில்லை. எந்த ஒரு வாரத்திலும் தேடுபவர்கள் கொஞ்சம் பேர்தான், அடுத்த வாரம் அது வேறு கொஞ்சம் பேர். ஆனால் புத்தம் புதிய, யாருக்கும் தெரியாத பெயராக இருந்தால் உங்கள் பக்கமும் நியாயம் உண்டு.

ராஜன்73

இந்த நிறுவனம் அந்த ஊரில் புதிதா பழையதா என்று இளங்கோ சொல்லவே இல்லை. புதிது என்றால் நான் இன்னும் மூன்றுக்குத்தான் நிற்பேன். வாரம் ஒரு தடவை தொட்டால் பெயர்கூட ஞாபகம் வராது.

இளங்கோ_பி

நடுவில் இருக்கிறது. பெயர் தெரியும், ஆனால் இந்தச் சாமான்கள் அங்கே கிடைக்கும் என்று பலருக்குத் தெரியாது.

நீங்கள் எல்லோரும் சொன்னதை வைத்து ப்ளானை மாற்றி எழுதினேன். பெரிய பேப்பரில் மூன்று, 300. சிறிய பேப்பரில் இரண்டு, 120. ஹோர்டிங் 300, மூன்று இடத்தை மாற்றி. மீதி 280 ரேடியோவுக்கு. முதல் மூன்று வாரம் ஒரு நாளைக்கு ஐந்து ஸ்பாட்தான், அலைவரிசை சொன்னபடி நேரத்தைப் பிரித்து. மிச்சத்தைக் கடைசி வாரத்தில் கொட்டுகிறேன்.

பேப்பர் இரண்டும் சேர்ந்து 41.5, ரேடியோ 39.5 என்று வைத்து, ஹோர்டிங்கை மாற்றாமல் பெருக்கினால் 80.5 வருகிறது. பேப்பரில் இவ்வளவு மல்லுக்கட்டியும் ஒரே ஒரு புள்ளிதான் கூடியிருக்கிறது. ஹோர்டிங்கை 55 என்று மாற்றிப் போட்டால் 84. மூன்று பலகையை நகர்த்தியதுதான் பெரும்பங்கு. உரிமையாளருக்கு இந்த இரண்டு வரியைக் காட்டினேன். முழுதும் ஹோர்டிங்கில் போடலாம் என்ற பேச்சை விட்டுவிட்டார். ஆனால் அந்த 55 எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்.

மீனலோசனி

நியாயமான கேள்வி. அது என் அனுமானம், அதைச் சரிபார்க்க வேண்டும். ப்ளான் பூட்டுவதற்கு முன் ஊரின் வெவ்வேறு பகுதிகளில் 200 பேரிடம் கேளுங்கள். கடந்த ஏழு நாளில் எந்தெந்தச் சாலை வழியாகப் போனீர்கள், நேற்று எந்தப் பேப்பர் படித்தீர்கள், நேற்று ரேடியோ கேட்டீர்களா, எப்போது. இவ்வளவுதான். ஒருவரிடமே மூன்றையும் கேட்பதால் எது எதோடு ஒட்டிவருகிறது என்பதும் தெரிந்துவிடும், நான் 79.5ஐ 75 ஆக்கியது சரியா என்பதும் தெரியும். 200 பேர் என்றால் ஏழு புள்ளி முன்னே பின்னே போகும், அதனால் 45க்கும் 55க்கும் உள்ள வித்தியாசத்தை ஏதோ மங்கலாகத்தான் காட்டும். முடிந்தால் 400 ஆக்குங்கள். அப்போது ஐந்து புள்ளிக்குள் வரும்.

குறிஞ்சி

நான் சேர வருபவர்களிடம் "எங்கே பார்த்து வந்தீர்கள்" என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். அது போதாதா?

மீனலோசனி

அதில் ஒரு கோளாறு உண்டு. எங்கே பார்த்தோம் என்பது மக்களுக்குச் சரியாக ஞாபகம் இருப்பதில்லை. ரேடியோவில் கேட்டதைப் பேப்பரில் பார்த்ததாகச் சொல்வார்கள், விளம்பரமே போடாத ஊடகத்தையும் சொல்வார்கள். கடைசியாகப் பார்த்தது எல்லாப் பெயரையும் தட்டிக்கொண்டு போய்விடும். ஆனால் நீங்கள் வசிப்பிடத்தையும் சேர்த்துக் கேட்டதால்தான் மறுபாதி ஊர் காலி என்று தெரிந்தது. அந்தக் கேள்வியை விடாதீர்கள்.

இளங்கோ, விளம்பரம் ஓடி முடிந்தபின் கேட்கும்போது பட்டியலில் பலகையே இல்லாத ஒரு சந்திப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே பார்த்ததாக எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று பாருங்கள். மற்ற இடங்களின் எண்ணை அந்த அளவுக்கு எதிராக வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அலைவரிசை

கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் கொட்டுவதைப் பற்றி ஒன்று. சலுகைக் காலத்தில் எல்லோரும் கடைசி வாரத்தைத்தான் கேட்பார்கள். ஸ்பாட்டை இப்போதே பதிவு செய்யாவிட்டால் நல்ல நேரம் கிடைக்காது, கிடைப்பது ஒரே இடைவேளையில் ஆறாவது ஏழாவது விளம்பரமாக இருக்கும். கடைசி வார ஸ்பாட் ஒவ்வொன்றையும் எந்த நேரம், இடைவேளையில் எத்தனையாவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஒலிபரப்பான நேரத்தோடு பதிவுச் சான்றும் கேளுங்கள், கொடுக்க வேண்டியது எங்கள் கடமை.

செல்வம்_பிரஸ்

இளங்கோ, 200 பேரிடம் கேட்கும்போது ஒரு கேள்வி எனக்காகச் சேருங்கள். போன வாரம் பெரிய பேப்பரை எத்தனை நாள் பிரித்துப் பார்த்தார்கள்? மீனலோசனி அம்மா நாலாவது விளம்பரம் ஒன்றரை சதவீதம்தான் கூட்டும் என்றது, பெரும்பாலோர் தினமும் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் படிப்பவர்கள் அதிகமாக இருந்தால் நாலாவது இன்னும் நிறையப் பேரைக் கொண்டுவரும். அந்த எண் வந்தால் இங்கே போடுங்கள், அப்போது மூன்றா நாலா என்று பேசுவோம்.

மீனலோசனி

அதை ஏற்கிறேன். தினமும் படிப்பவர்கள் பாதிக்குக் குறைவு என்று வந்தால் நாலாவதைத் திரும்பச் சேர்க்கலாம். ஆனால் இளங்கோ, கிழமையை மாற்றுங்கள். நாலையும் ஒரே கிழமையில் போடுவதுதான் உங்கள் அட்டவணையில் இருக்கிறது.